டிங்க்: காத்திருப்பா, கண்ணியா?

பிக்கிள்பால் இரட்டையர் ஆட்டத்தை முதன்முறை பார்ப்பவர்களுக்குப் புரியாத காட்சி ஒன்று உண்டு. நான்கு பேரும் வலைக்கு வெகு அருகே எதிரெதிராக நின்று, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேலே மெல்லத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். பத்து தடவை, இருபது தடவை, சில சமயம் அதற்கும் மேலே. பிறகு திடீரென்று ஒருவர் வேகமாக அடிப்பார். இரண்டு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். மெல்லப் போடும் அந்த அடிக்கு டிங்க் என்று பெயர்.

முன்னே போன அத்தனை மென்பந்துகளும் கடைசியில் வந்த அந்த ஒரு வேக அடிக்கு என்ன உதவி செய்தன? பதறாத காரியம் சிதறாது என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் பயிற்சியாளர்களும் ஆட்டக்காரர்களும் இந்தக் கேள்விக்குப் பல காலமாக ஒன்றுக்கொன்று ஒத்துவராத விடைகளைத் தந்திருக்கிறார்கள். அவற்றுள் மூன்று முக்கியமானவை. எதிராளி தவறும்வரை காத்திருப்பதற்கே டிங்க் என்பது ஒன்று. எதிராளியை இடம்பெயர்த்து வாசல் திறப்பதற்கே டிங்க் என்பது மற்றொன்று. வாசல் திறக்கக் காத்திருப்பதே வீண், முதலில் அடிப்பவருக்கே ஆதாயம் என்பது மூன்றாவது.

ஏழடிக் கோட்டின் வேலை

இந்த வாதங்களைப் புரிந்துகொள்ள ஆடுகளத்தின் அளவுகள் சில தேவை. 1965-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சார்டு, பில் பெல், பார்னி மெக்கல்லம் ஆகிய மூவரும் இந்த ஆட்டத்தை உருவாக்கினார்கள். பழைய பேட்மிண்டன் களத்தில் தொடங்கியதால் பேட்மிண்டன் இரட்டையர் களத்தின் அளவே இதற்கும் நிலைத்தது: 44 அடி நீளம், 20 அடி அகலம். வலை ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 அங்குலம் உயரம். வலைக்கு இருபுறமும் 7 அடி தூரத்துக்கு ஒரு பட்டை. அதற்குள் நின்றுகொண்டு தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. வெளியே நின்று அடித்தாலும், அடித்த வேகத்தில் கால் உள்ளே போய்விட்டால் தவறுதான். தரையில் பட்டு எழுந்த பந்தை உள்ளே போய் அடிக்கத் தடையில்லை. இந்தப் பட்டையைத்தான் கிச்சன் என்கிறார்கள். சமையலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஷஃபிள்போர்டு ஆட்டத்தில் புள்ளி பறிபோகும் கட்டத்துக்கு வழங்கிய பெயர் இங்கே குடியேறியது என்பது பரவலான விளக்கம்.

வலையோரம் நின்று எல்லாவற்றையும் தரையில் அறைந்து முடிப்பதை இந்தப் பட்டை தடுக்கிறது. ஆனாலும் பட்டையின் விளிம்பு வரை, அதாவது கிச்சன் கோடு வரை, வந்து நிற்பவருக்கே வசதி அதிகம். சர்வீசும் அதன் பதிலும் தரையில் பட்ட பிறகே ஆடப்பட வேண்டும் என்ற விதியால், பதில் போடும் அணி முதலில் கோட்டுக்கு வந்துவிடுகிறது. சர்வீஸ் போட்ட அணி மூன்றாவது அடியை மெல்ல கிச்சனுக்குள் விழவைத்து அந்த இடைவெளியில் முன்னேறி வருகிறது. நான்கு பேரும் கோட்டுக்கு வந்த பிறகு டிங்க் தொடங்குகிறது.

இனி பந்தைப் பார்க்கலாம். பந்துக்கான விதிப்படி, 78 அங்குல உயரத்திலிருந்து விழுந்தால் அது 30 முதல் 34 அங்குலம் வரைதான் எழ வேண்டும். விழுந்த உயரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. வலைக்குச் சற்று மேலே, நான்கடி உயரம் வரை போய் இறங்கும் ஒரு டிங்க் தரையில் பட்டால் 20 அங்குல அளவுக்கே எழும். வலையோ 34 அங்குலம். எனவே தரையில் பட்டு எழும் சாதாரண டிங்க் வலையின் உயரத்தை எட்டுவதேயில்லை. எட்டவேண்டுமானால் அது ஏழடி உயரத்திலிருந்து இறங்கியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட பந்து தரைக்கு வரும்வரை யாரும் விட்டுவைக்க மாட்டார்கள்.

பந்து வலைக்குக் கீழே இருக்கையில் வேகமாக அடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோட்டருகே, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கும் பந்தை ஒருவர் சுழலில்லாமல் மணிக்கு 48 கி.மீ. அளவு வேகத்தில் அடிக்கிறார் என்று கொள்வோம். ஏழடி தூரத்துக்குள் அது இரண்டடி ஏறியாக வேண்டும். வலையைத் தாண்டும்போதும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். இன்னும் ஏழடி தள்ளி எதிர்க் கோட்டில் நிற்பவரை அடையும்போது அதன் உயரம் நான்கடியைத் தாண்டியிருக்கும்: அவருடைய நெஞ்சுக்கு நேரே, வலைக்கு மேலே. அவர் அதைக் கீழ்நோக்கி அறையலாம். அறையாமல் ஒதுங்கிக்கொண்டால், காற்றின் தடையைச் சேர்த்தாலும் பந்து பெரும்பாலும் பேஸ்லைனுக்கு வெளியே போய் விழும். கிச்சன் கோட்டில் கோபப்பட்டு அடிப்பவருக்குக் காத்திருக்கும் இரண்டு முடிவுகள் இவை.

ஆக, டிங்க் என்பது வேகத்தைப் பற்றிய ஆட்டம் அல்ல. மட்டையும் பந்தும் சந்திக்கும் உயரத்தைப் பற்றிய ஆட்டம். எதிராளி எப்போதும் கீழிருந்து மேலே தூக்கும்படி வைத்திருப்பது பாதுகாப்பு. அவர் தேவைக்கு மேல் தூக்கிவிடும் தருணமே திறப்பு. இதுவரை மூன்று தரப்புக்கும் அவ்வளவாகக் கருத்து வேறுபாடு இல்லை. அந்தத் தருணம் எப்படி வருகிறது என்பதில்தான் பிரிகிறார்கள்.

முதல் விடை: எதிராளி தவறட்டும்

பொழுதுபோக்காக ஆடுபவர்களிடையே மிகப் பழையதும் வலுவானதும் இந்த விடைதான். பணி ஓய்வு பெற்றவர்கள் வாழும் அரிசோனா, ஃபுளோரிடா குடியிருப்புகளில் இந்த ஆட்டம் வேரூன்றிய காலத்தில், ஓங்கி அடிக்கும் இளைஞர்களைப் பெரியவர்கள் மென்பந்தால் மடக்கிய கதைகள் ஏராளம். அந்தப் பள்ளியின் போதனை எளியது: நீ வலையில் போடாதே, உயரமாகப் போடாதே, எதிராளி ஏதாவது ஒன்றைச் செய்யும்வரை போட்டுக்கொண்டே இரு.

இதற்குப் பின்னால் வடிவியல் நியாயம் ஒன்றும் உண்டு. நேர் எதிரே போடும் டிங்குக்கு, கோட்டிலிருந்து கோட்டுக்கு 14 அடிதான் இடம். மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே போட்டால் 24 அடிக்கும் சற்று அதிகம். அதோடு பந்து தாண்டுவது வலையின் நடுப்பகுதியை. அங்கே வலை இரண்டு அங்குலம் தாழ்வு. இடமும் கூடுதல், தடையும் குறைவு. எனவே சந்தேகம் வந்தால் குறுக்கே போடு என்ற அறிவுரை இன்றும் எல்லாப் பயிற்சிக்களங்களிலும் கேட்கிறது.

இந்த விடையின் குறை, எதிராளியின் திறமையைப் பொறுத்து அது மாறிவிடுவது. தொடக்க நிலையில் ஐந்தாவது ஆறாவது டிங்கிலேயே யாராவது தவறிவிடுவார்கள், காத்திருந்தால் போதும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பாதுகாப்பான குறுக்கு டிங்கை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிப் போடுவார்கள். இங்கே வெறும் காத்திருப்பு இரு தரப்புக்கும் சமமான சீட்டாட்டமாகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு: பாதுகாப்பை மட்டுமே நினைத்துப் போடும் டிங்க் மெல்ல மெல்லப் பட்டையின் நடுவில், சற்று உயரமாக விழத் தொடங்கும். செத்த டிங்க் என்று ஆட்டக்காரர்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான். யாரும் தவறு செய்யவில்லை என்று தோன்றும். ஆனால் எதிராளிக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும்.

இரண்டாம் விடை: பந்தால் நகர்த்து

தவறுக்குக் காத்திராமல் தவறைத் தயாரிப்பது இந்தப் பார்வை. ஒவ்வொரு டிங்கும் எதிராளியின் காலையோ உடல் எடையையோ பார்வையையோ சற்றே இடம்பெயர்க்க வேண்டும். ஒரு பந்தில் திறப்பு வராது; மூன்று நான்கு பந்துகளில் சேர்த்துக் கட்ட வேண்டும் என்கிறார்கள் இவர்கள்.

ஒரு தொடரை அடி அடியாகப் பார்ப்பது இங்கே உதவும். நால்வரும் வலக்கைக்காரர்கள். நம் அணியில் இடப்புறம் அ, வலப்புறம் ஆ. எதிரணியில் அவர்களுடைய இடப்புறம் க, வலப்புறம் ச. அ-வுக்குக் குறுக்கே இருப்பவர் க. இருவருக்கும் இது பேக்ஹேண்ட் பக்கம்.

முதல் இரண்டு மூன்று பந்துகள் குறுக்கே, நடுத்தரமாகப் போகின்றன. க-வின் கால்கள் ஓரிடத்தில் அமைகின்றன. பிறகு அ ஒரு பந்தைப் பக்கக் கோட்டை ஒட்டிச் சற்று வெளியே இழுத்துப் போடுகிறார். க இடப்புறம் ஓரடி எடுத்துவைத்து, களத்துக்கு வெளியே கை நீட்டி எடுக்கிறார். அவருடைய துணை ச சும்மா நிற்க முடியாது. நடுவில் விழுந்த இடைவெளியை அடைக்க அவரும் இடப்புறம் நகர வேண்டும். க திருப்பிய பந்து பரவாயில்லை. அதில் திறப்பு எதுவும் இல்லை. அடித்துவிட்டு அவர் வலப்புறமாக, தன் பழைய இடத்துக்குத் திரும்புகிறார்.

அனுபவமில்லாதவர் இந்த நேரத்தில் மறுபடியும் அதே ஓரத்துக்குத்தான் போடுவார். தேர்ந்த அ அப்படிச் செய்வதில்லை. க திரும்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலக்காலுக்கு உட்புறம், கோட்டை ஒட்டி ஆழமாக விழும்படி போடுகிறார். இப்போது க-வுக்கு ஒரே சமயத்தில் மூன்று சிக்கல்கள். உடல் நகர்ந்துகொண்டிருக்கிறது. பந்து காலடியில் விழப்போகிறது. தரையில் படும் முன் எடுப்பதா, பின்வாங்கி எழவிட்டு எடுப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். அது நடுப்பந்து என்பதால் தானா ச-வா என்ற தயக்கமும் சேர்கிறது. அவர் குதிகாலில் எடையைப் போட்டுப் பின்னால் சாய்கிறார், மட்டையின் முகம் மேலே திறக்கிறது, பந்து வலைக்கு ஓரடி மேலே மிதந்து வருகிறது. அது தரையில் படும் முன்பே ஆ நடுவில் புகுந்து வலைக்கு மேலேயே சந்திக்கிறார். முழு வலுவில் அடிக்க வேண்டிய தேவையே இல்லை. ச நகர்ந்து வந்ததால் காலியான வலப்புறமோ, க-வின் வலது இடுப்போ போதும்.

ஆக, அடித்தவர் ஆ, திறந்தவர் அ, உண்மையில் வேலை செய்ததோ மூன்று பந்துகளுக்கு முன் போன அந்த ஓரப்பந்து. இரட்டையர் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் கடைசி அடிக்குத்தான் கைதட்டுவார்கள் என்பது வேறு விஷயம்.

திறப்பு வருகிறது என்பதைப் பந்து எழுவதற்கு முன்பே சொல்லிவிடும் அடையாளங்கள் உண்டு. எதிராளியின் எடை குதிகாலுக்குப் போவது, முழங்கை மடங்காமல் கை நீளமாவது, தோள் தாழ்ந்து மட்டையின் முகம் வானம் பார்ப்பது. தேர்ந்தவர்கள் பந்தைவிட இவற்றையே அதிகம் கவனிப்பதாகத் தெரிகிறது. பந்து மிதந்த பிறகு ஓடத் தொடங்குபவருக்கு நேரம் போதாது.

இந்த விடைக்கும் குறைகள் உண்டு. ஓரத்துக்கு இழுக்கும் டிங்க் அதிகமாக விலகிப் போனால், க அதை வலைக்கம்பத்துக்கு வெளிப்புறமாகவே சுற்றி அடித்துவிடலாம். பந்து வலைக்கு மேலே போக வேண்டும் என்று விதி இல்லை. அப்போது உயரக் கணக்கு முழுவதும் செல்லாமல் போய்விடுகிறது. இன்னோர் ஆபத்து எர்ன். எர்ன் பெர்ரி என்ற ஆட்டக்காரரின் பெயரால் வழங்கும் அடி இது. பக்கக் கோட்டை ஒட்டி நேரே டிங்க் வரும் என்று ஊகிப்பவர் கிச்சனைத் தாண்டி ஆடுகளத்துக்கு வெளியே போய் நின்று, வலைக்குப் பக்கத்திலேயே பந்தைத் தரையில் படும் முன் அறைவார். பட்டைக்கு வெளியே நிற்பதால் விதி மீறவில்லை. ஒரே பந்தை ஒரே இடத்தில் அடுக்கடுக்காகப் போடுபவர்கள் இதில் சிக்குகிறார்கள். நகர்த்த முயலும் ஒவ்வொரு டிங்கும் பாதுகாப்பான டிங்கைவிட வலைக்கும் கோட்டுக்கும் நெருக்கமாகப் போகிறது. கண்ணி வைக்கப் போனவரே அதில் கால் வைப்பதும் நடக்கும்.

பென் ஜான்ஸும் அவருடைய அண்ணன் காலின் ஜான்ஸும் இணைந்து ஆடிய ஆண்டுகளை இந்தப் பார்வைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. வலப்புறம் காலின் இரட்டைக்கை பேக்ஹேண்டால் அலுக்காமல் மென்பந்து போட்டுக்கொண்டிருப்பார். நடுவில் ஏதாவது சற்றே எழுந்தால் இடப்புறத்திலிருந்து பென் பாய்ந்து முடிப்பார். ஆனால் இதைப் பொறுமைக்கான சான்றாக மட்டும் படிப்பது சரியல்ல. பென்னின் கை அசாத்திய வேகம் கொண்டது. அதே மென்பந்தைச் சாதாரணக் கை ஒன்றுக்கு முன் வைத்தால் அதே விளைவு வருமா என்று சொல்ல முடியாது.

மூன்றாம் விடை: முதலில் அடி

கடந்த சில ஆண்டுகளில் ஓங்கிய குரல் இது. டென்னிஸிலிருந்து வந்தவர்கள், இளவயதுக்காரர்கள், புதிய மட்டைகள் என்று மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. சிறுமியாகத் தன் தாய் லீ வாட்டர்ஸுடன் ஆடத் தொடங்கிய அன்னா லீ வாட்டர்ஸ், பெண்கள் இரட்டையரில் மென்பந்தே மரபு என்றிருந்த எண்ணத்தை ஆட்டிவைத்தார். சொரசொரப்பான கார்பன் இழை முகம் கொண்ட மட்டைகள் பந்துக்குச் சுழலைக் கூட்டின; அழுத்தி வார்க்கப்பட்ட மட்டைகள் வேகத்தைக் கூட்டின. பந்து எவ்வளவு வேகமாகத் தெறிக்கலாம் என்பதற்கு அமெரிக்கப் பிக்கிள்பால் சங்கம் 2024-இல் புதிய சோதனை ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

வலைக்குக் கீழிருந்து அடிப்பது ஆபத்து என்ற கணக்கு தவறு என்று இவர்கள் சொல்லவில்லை. அந்தக் கணக்கில் சுழல் இல்லை என்கிறார்கள். மட்டையைக் கீழிருந்து மேலாக உரசி டாப்ஸ்பின் கொடுத்தால், வலையைத் தாண்டியதும் பந்து தலைகுப்புற இறங்கும். வெளியே போக வேண்டியது உள்ளே விழும். எனவே விட்டுவிடலாம் என்ற வசதி எதிராளிக்கு இல்லாமல் போகிறது. அடுத்தது நேரம். 14 அடி தூரத்தை முன்பு கணக்குப் போட்ட அந்த வேகப் பந்து மூன்றில் ஒரு நொடியில் கடக்கிறது. கண்ணில் பட்டு கை அசையத் தொடங்கவே ஐந்தில் ஒரு நொடி ஆகும். மிச்ச நேரத்தில் மட்டையை எங்கே கொண்டுபோவது? அதனால்தான் இலக்கு காலி இடமாக இல்லாமல் உடலாக இருக்கிறது. குறிப்பாக வலக்கைக்காரரின் வலது தோளுக்கும் இடுப்புக்கும் இடையே. முழங்கை கோழிச் சிறகு போல மடங்க, ஃபோர்ஹேண்டும் வராது, பேக்ஹேண்டும் வராது. அந்த இடறலில் எழும் பந்தை இரண்டாவது அடியில் முடிக்கலாம். முதல் அடி புள்ளிக்காக அல்ல, இரண்டாவது அடிக்காக. இதையும் ஒருவகை டிங்க் மனநிலை என்று சொல்லிவிடலாம் போலிருக்கிறது. அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதன் பலவீனம் எதிர் அடியில் இருக்கிறது. மட்டையை நெஞ்சுக்கு முன்னே, சற்று பேக்ஹேண்ட் பக்கமாக வைத்துத் தயாராக நிற்பவருக்கு அந்த மூன்றில் ஒரு நொடி போதும். அவர் வீச வேண்டியதில்லை. மட்டையை வைத்தாலே வந்த வேகம் திரும்பிப் போகும். அடித்தவரோ அடித்த அசைவிலிருந்து மீண்டுவர வேண்டும், மட்டை தாழ்ந்திருக்கும். மேலும், எந்த டிங்கிலிருந்து அடி வரும் என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் திடீர்த் தன்மை போய்விடுகிறது. மென்பந்து ஆட முடியாதவர் வேகமாக அடிப்பது யாரையும் ஏமாற்றுவதில்லை. அடி எதிர்பாராததாக இருக்க வேண்டுமானால், அதற்கு முன் பத்து மென்பந்துகள் அதே அசைவில் போயிருக்க வேண்டும். மூன்றாம் விடை தன்னையறியாமல் முதலிரண்டுக்கும் கடன்பட்டிருப்பது இங்கேதான்.

எண்ணிப் பார்ப்பதில் உள்ள சிக்கல்

முதலில் வேகப்படுத்தியவர் எத்தனை புள்ளிகள் வென்றார் என்று ஆட்டப் பதிவுகளைப் பார்த்து எண்ணினால் விவாதம் முடிந்துவிடாதா என்று தோன்றலாம். முடியாது என்பதற்குக் காரணம் உண்டு. வேக அடிகள் எல்லாம் ஒரே வகைப் பந்திலிருந்து வருவதில்லை. செத்த டிங்கைத் தேர்ந்து அடித்ததும், காலடியில் சிக்கித் தப்பிப்பதற்காக அடித்ததும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். நல்ல பந்துக்குக் காத்திருந்தவர்களின் வெற்றி விகிதம் உயரத்தான் செய்யும். அது அடியின் பெருமையா, காத்திருப்பின் பெருமையா என்று அந்த எண் சொல்லாது. பந்தைச் சந்தித்த உயரம், எதிராளி நிலையாக நின்றாரா என்ற இரண்டையும் சேர்த்துக் குறித்தால் ஓரளவு தெளிவு வரலாம்.

தவறுகளைக் குறிப்பதிலும் இதே கோளாறு. க வலையில் போட்ட ஒரு டிங்க், தானாகச் செய்த தவறு என்று பதிவாகும். இரண்டு பந்துகளுக்கு முன் அவரை ஓரத்துக்கு இழுத்த அ-வின் பெயர் அதில் இருக்காது. முதல் விடைக்காரர்கள் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் புள்ளிகளில் ஒரு பகுதி உண்மையில் இரண்டாம் விடைக்கு உரியது என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

இன்னும் தீராதவை

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கையில், இரண்டாம் விடையே ஆட்டத்தின் அமைப்போடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் எவ்வளவு நேரம் நகர்த்துவது, எப்போது நிறுத்திவிட்டு அடிப்பது என்பதற்கு அதனிடம் பொதுவிதி இல்லை. எதிரே நிற்பவரின் கை வேகம், காற்று, பந்தின் புதுமை, மட்டை என எல்லாமே அந்த எல்லையை நகர்த்துகின்றன.

புள்ளி எண்ணும் முறையும் அப்படித்தான். வழக்கமான முறையில் சர்வீஸ் அணிக்கு மட்டுமே புள்ளி. அந்த அணி துணிந்து அடித்துத் தோற்றால் ஒரு சர்வீஸ் வாய்ப்பை மட்டும் இழக்கும். எதிரணி அதே தவறைச் செய்தால் புள்ளியே போய்விடும். எனவே ஒரே டிங்கை யார் அடிக்கலாம், யார் பொறுக்கலாம் என்பது சர்வீஸ் யாரிடம் என்பதைப் பொறுத்து மாறுவது நியாயமே. மேஜர் லீக் பிக்கிள்பால் போன்ற அணிப் போட்டிகளில் ஒவ்வொரு தொடருக்கும் புள்ளி தரும் முறையும் இருந்திருக்கிறது. அங்கே அந்த வேறுபாடு மங்குகிறது. இரு முறைகளிலும் ஆடுபவர்கள் தங்கள் பொறுமையின் அளவை உண்மையிலேயே மாற்றிக்கொள்கிறார்களா, பழக்கத்தால் ஒரே மாதிரி ஆடுகிறார்களா என்பது இன்னும் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியது.

இவற்றோடு, விவாதங்களில் அதிகம் இடம்பெறாத ஒரு கேள்வியும் உண்டு: வேகமாக வரும் பந்தை அடிக்காமல் விடுவது. தோள் உயரத்தில் வரும் சுழலில்லாத பந்து பெரும்பாலும் வெளியே போகும் என்று கணக்கு சொல்கிறது. டாப்ஸ்பின் பந்து உள்ளே விழும். இரண்டையும் பிரித்தறிய மூன்றில் ஒரு நொடி போதாது. எதிராளியின் மட்டை கீழிருந்து உரசி எழுந்ததா, நேரே தள்ளியதா என்பதை அவர் அடிக்கும் முன்பே படித்தாக வேண்டும். சொரசொரப்பான மட்டைகள் பரவிய பிறகு அப்படி விட்டுவிடுவது எவ்வளவு தூரம் இன்னும் லாபமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே மூன்றாம் விடையின் மதிப்பு பெரிதும் ஏறவோ இறங்கவோ செய்யும்.